அந்த 105 ரூபாய் எங்கே போனது?

ஆன்லைனில் ஜவுளி விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் இரண்டு சென்னிமலைப் போர்வைகளும் ஒரு துண்டு செட்டும் ஆர்டர் செய்கிறார். போர்வை ஒன்று 650 ரூபாய், துண்டு செட் 400 ரூபாய், ஆக மொத்தம் 1,700. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் வாங்கினால் 10 சதவீதம் தள்ளுபடி தரும் கூப்பன் அவரிடம் இருக்கிறது. அதில் 170 குறைய, 1,530 ரூபாயை யு.பி.ஐ.யில் கட்டிவிடுகிறார். ஜி.எஸ்.டி., டெலிவரிக் கட்டணம் எல்லாவற்றையும் இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடலாம்.

மறுநாள் கிடங்கில் பார்த்தால் ஒரு போர்வைதான் இருக்கிறது. இன்னொன்றைக் கடையே ரத்து செய்கிறது. இரண்டு நாள் கழித்து அவருடைய வங்கிக் கணக்கில் 480 ரூபாய் வருகிறது. அவர் எதிர்பார்த்தது 585. தள்ளுபடி போக அந்தப் போர்வைக்கு அவர் கொடுத்த விலை அதுதான். வாடிக்கையாளர் சேவை மையத்துக்குப் போன் போடுகிறார்.

“மேடம், எங்க கணக்குல எல்லாம் சரியாத்தான் இருக்கு. பாக்கி எதுவும் காட்டலை” என்கிறார் எடுத்தவர்.

“போர்வை இல்லைன்னு சொன்னது நீங்க தம்பி. என் தள்ளுபடியை எதுக்குப் பிடிச்சீங்க?”

போனை எடுத்தவர் பொய் சொல்லவில்லை. அவர் முன்னால் இருக்கும் திரையில் பொருள்களின் விலை 1,050, தள்ளுபடி 0, கையிருப்பில் உள்ள தொகை 1,050, பாக்கி 0 என்றுதான் இருக்கிறது. கூட்டல் கழித்தலில் பிழையே இல்லை. ஆனால் தள்ளுபடி ஏன் பூஜ்யம் ஆனது, யார் ஆக்கினார்கள், அதற்கு முன் அது எவ்வளவு இருந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தத் திரையில் விடை கிடையாது. திரையில் மட்டுமல்ல, அதற்குப் பின்னால் உள்ள டேட்டாபேஸிலும் கிடையாது.

காரணம், பெரும்பாலான கடைகளின் மென்பொருள் வேலை செய்யும் விதம். ஒரு ஆர்டருக்கு அட்டவணையில் ஒரு வரிசை. ஏதாவது மாறினால் அந்த வரிசையிலேயே பழைய எண்ணை அழித்துப் புது எண்ணை எழுதுவார்கள். நம் ஆர்டரில் போர்வை ரத்தானபோது டேட்டாபேஸுக்குப் போன கட்டளை ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்:

```
UPDATE orders SET total = 1050, discount = 0
WHERE id = 4817;
```

அந்தக் கட்டளை ஓடி முடிந்த நொடியில் 1,700 என்ற எண்ணும் 170 என்ற எண்ணும் அட்டவணையில் இருந்து போய்விடுகின்றன. எஞ்சுவது இப்போதைய நிலை மட்டும். அந்த நிலைக்கு எப்படி வந்தோம் என்பதற்கு எந்தத் தடமும் இல்லை.

இதற்கு மாற்றாக ஒரு முறை இருக்கிறது. மென்பொருள் உலகில் அதை ஈவன்ட் சோர்சிங் என்பார்கள். மார்ட்டின் ஃபவுலர் 2005-ல் இதே தலைப்பில் எழுதிய கட்டுரை இதைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது. பின்னால் கிரெக் யங் போன்றவர்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுபோவதைப் பற்றி விரிவாகப் பேசினார்கள். அடிப்படை எளியது. ஆர்டரின் நிலையைச் சேமிக்காதே. ஆர்டருக்கு நடந்த ஒவ்வொன்றையும் நடந்த வரிசையில் எழுதி வை. எழுதியதை அழிக்காதே, திருத்தாதே. நிலை வேண்டுமென்றால் முதல் வரியிலிருந்து படித்துக் கூட்டிக்கொள்.

வங்கி பாஸ்புக்கைப் பார்த்த எவருக்கும் இது புதிதல்ல. கணக்கில் தவறாக ஆயிரம் ரூபாய் பற்று வைத்துவிட்டால், வங்கி அந்த வரியை அடிப்பதில்லை. கீழே ஆயிரம் ரூபாய் வரவு என்று இன்னொரு வரி போடுகிறது. இருப்புத் தொகை என்பது மேலே உள்ள வரிகளின் விளைவு.

நம்முடைய ஆர்டர் எண் 4817-ஐ இந்த முறையில் வைத்திருந்தால் ஆறு நிகழ்வுகள் பதிவாகியிருக்கும்:

```
1  OrderPlaced      1700
2  CouponApplied     170
3  PaymentReceived  1530
4  ItemCancelled     650  by: shop, reason: out_of_stock
5  CouponRemoved     170  by: system, reason: below_1500
6  RefundIssued      480
```

இப்போது ஆர்டரின் நிலையைக் கண்டுபிடிக்க நிரல் என்ன செய்கிறதோ அதை நாமே கையால் செய்து பார்க்கலாம். தொடக்கத்தில் ஆர்டர் என்று ஒன்றும் இல்லை, எல்லாம் பூஜ்யம். முதல் வரியைப் படித்ததும் பொருள் விலை 1,700 ஆகிறது. இரண்டாவது வரியில் தள்ளுபடி 170, எனவே கட்ட வேண்டியது 1,530. மூன்றாவது வரியில் அந்தத் தொகை வந்துவிடுகிறது, பாக்கி பூஜ்யம். நான்காவது வரியில் 650 கழிந்து பொருள் விலை 1,050 ஆகிறது. தள்ளுபடி இன்னும் 170-ஆகவே நிற்பதால் கட்ட வேண்டியது வெறும் 880. ஐந்தாவது வரி தள்ளுபடியைப் பூஜ்யம் ஆக்க, கட்ட வேண்டியது மறுபடி 1,050-க்கு ஏறுகிறது. வாங்கியது 1,530, கூடுதலாக இருப்பது 480. ஆறாவது வரி அதைத் திருப்பிக் கொடுக்கிறது. பாக்கி பூஜ்யம்.

வந்து சேர்ந்த இடம் பழைய அட்டவணை காட்டிய அதே இடம்தான். ஆனால் வந்த வழி முழுதும் கண்ணெதிரில் இருக்கிறது. நான்காவது வரியையும் ஐந்தாவது வரியையும் சேர்த்துப் படித்தால் போதும், அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிடும். போர்வையை ரத்து செய்தது கடை. அதனால் ஆர்டர் 1,500-க்குக் கீழே போயிற்று. கூப்பன் விதியைக் கவனிக்கும் நிரல், ரத்து செய்தது யார் என்று பார்க்காமல் கூப்பனைத் தானாகவே எடுத்துவிட்டது. வாடிக்கையாளர் தானே ஒரு போர்வையை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்த விதி நியாயம். கடையிடம் சரக்கு இல்லாததற்கு அவரிடம் பிடிப்பது நியாயமில்லை. மீதமுள்ள 1,050-க்கு 10 சதவீதம் 105 ரூபாய். அவருக்குச் சேர வேண்டிய மீதி அதுதான்.

திருத்துவதும் இதே முறையில்தான். ஐந்தாவது வரியை யாரும் அழிக்கப்போவதில்லை. அது நடந்தது உண்மை. ஏழாவது வரியாக `CouponRestored 105` சேர்கிறது, எட்டாவது வரியாக `RefundIssued 105` சேர்கிறது. கட்ட வேண்டியது 945. வாங்கி மிஞ்சியிருப்பதும் 945. தவறும் பதிவில் இருக்கிறது, திருத்தமும் இருக்கிறது.

இத்தோடு முடியவில்லை. இந்த ஒரு பெண் போன் செய்தார். போன் செய்யாமல் விட்டவர்கள் எத்தனை பேர்? பழைய அட்டவணையில் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. நிகழ்வுகள் கையில் இருந்தால், கடை ரத்து செய்த `ItemCancelled` வரியை அடுத்து `CouponRemoved` வரும் ஆர்டர்கள் எவை என்று தேடினால் போதும். பட்டியல் வந்துவிடும், எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆர்டர்களை இந்த முறையில் வைக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு முதல் காரணம் இதுதான். நாளை யார் என்ன கேட்பார்கள் என்று இன்று நமக்குத் தெரியாது. நடந்ததை வைத்திருந்தால் நாளைய கேள்விக்கும் விடை சொல்லலாம்.

இதைச் சொன்னதும் அனுபவமுள்ள ஒரு நிரலாளர் கேட்பார்: அட்டவணையை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் மாற்றங்களுக்கென்று தனியாக ஒரு லாக் எழுதினால் போதாதா? பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள், ஓரளவுக்குப் பயனும் உண்டு. ஆனால் அங்கே உண்மை என்பது அட்டவணை. லாக் வெறும் துணை. யாரோ ஒருவர் அவசரத்தில் டேட்டாபேஸுக்குள் நேராகப் போய் ஒரு எண்ணை மாற்றிவிட்டால் லாகில் அது வராது. ஒரு நிரல் அட்டவணையில் எழுதிவிட்டு லாகில் எழுத மறந்தால் கடை வழக்கம்போல் ஓடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். சச்சரவு வரும் நாளில்தான் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று தெரியும். ஈவன்ட் சோர்சிங்கில் அந்த இடைவெளிக்கு இடமில்லை. நிகழ்வை எழுதாவிட்டால் ஆர்டரின் நிலையே மாறாது.

ஆனால் வரிசையாக எழுதிவைத்தால் மட்டும் பலன் வந்துவிடாது, ஒவ்வொரு வரியிலும் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புதிதாக இதில் இறங்குபவர்கள் செய்யும் பிழை, எல்லா மாற்றத்துக்கும் `OrderUpdated` என்று ஒரே பெயர் வைத்து, மாறிய எண்களை உள்ளே போடுவது. அது பழைய அட்டவணையையே பல பிரதிகள் எடுத்து அடுக்குவதற்குச் சமம். விலை 1,700-லிருந்து 1,050 ஆனது என்று தெரியும். சரக்கு இல்லாமல் போனதா, வாங்கியவர் மனம் மாறினாரா, விலையைத் தவறாகப் போட்டுத் திருத்தினார்களா என்று தெரியாது. நிகழ்வின் பெயர் கடையில் நடந்த ஒரு காரியத்தின் பெயராக, நடந்து முடிந்ததாக இருக்க வேண்டும். யார் செய்தார்கள், எதற்காக என்பதும் கூடவே இருக்க வேண்டும். நம்முடைய நான்காவது வரியில் `by: shop` என்ற இரண்டு சொற்கள் இல்லாமல் போயிருந்தால் அந்த 105 ரூபாய் கிடைத்திருக்காது.

இன்னொரு பிழை கொஞ்சம் நுட்பமானது, வெகுநாள் கழித்தே வெளியே வரும். இரண்டாவது வரியில் தள்ளுபடித் தொகையை எழுதாமல், கூப்பனின் பெயரை மட்டும் எழுதிவைத்தார்கள் என்று கொள்ளுங்கள். படிக்கும்போது நிரல் அந்தக் கூப்பனுக்கு இப்போது எத்தனை சதவீதம் என்று பார்த்துக் கணக்குப் போடும். முதல் ஆறு மாதம் எல்லாம் சரியாக இருக்கும். பிறகு ஒருநாள் கூப்பனை 10 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கிறார்கள். அன்று காலையிலிருந்து பழைய ஆர்டர்களைத் திறந்தால் தள்ளுபடி பாதியாகக் காட்டும். கட்டி முடித்து டெலிவரி ஆன ஆர்டர்களில் வாடிக்கையாளர் இன்னும் பணம் தர வேண்டும் என்று வரும். தொடாத ஆர்டரில் எண்கள் மாறினால் இந்தக் கோளாறைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அன்றைக்கு முடிவான தொகையை அன்றைக்கே நிகழ்வில் எழுதிவிட வேண்டும். திரும்பப் படிக்கும்போது கூட்டுவதும் கழிப்பதும் மட்டுமே வேலை. விலைப்பட்டியலைப் பார்ப்பதோ, விதிகளைச் சரிபார்ப்பதோ அப்போது கூடாது.

விதிகளைச் சரிபார்க்கும் இடம் வேறு. ‘ரத்து செய்’ என்று வாடிக்கையாளர் பொத்தானை அழுத்துவது ஒரு கோரிக்கை. அதை ஏற்கலாம், மறுக்கலாம். நிரல் முதலில் அந்த ஆர்டரின் நிகழ்வுகளைப் படித்து நிலையைத் தெரிந்துகொள்கிறது. பெட்டி ஏற்கெனவே கூரியரில் ஏறிவிட்டதென்றால் கோரிக்கையை மறுக்கிறது, நிகழ்வு எதுவும் பதிவாகாது. இன்னும் ஏறவில்லை என்றால் ஏற்று, ஒரு நிகழ்வை எழுதுகிறது. எழுதிய பிறகு அதைக் கேள்வி கேட்பதற்கில்லை.

ஒரே கணத்தில் இரண்டு பேர் வந்தால்? வாடிக்கையாளர் வீட்டில் உட்கார்ந்து ரத்து பொத்தானை அழுத்துகிறார். அதே நேரம் கிடங்கில் ஒருவர் பார்கோடை ஸ்கேன் செய்து பெட்டியைக் கட்டுகிறார். இரண்டு நிரல்களும் மூன்று நிகழ்வுகளைப் படித்து, இரண்டும் ‘சரி, செய்யலாம்’ என்று முடிவெடுத்து, தன்னுடையதை நான்காவது நிகழ்வாக எழுத வருகின்றன. இதற்குத் தீர்வு நிகழ்வு அட்டவணையிலேயே ஒரு வரியில் இருக்கிறது:

```
UNIQUE (order_id, version)
```

ஒரு ஆர்டரில் ஒரு வரிசை எண் ஒருமுறைதான் வரலாம் என்பது அதன் பொருள். ஒரு மயிரிழை முந்தி வந்தவர் எழுதிவிடுவார். பிந்தி வந்தவருக்கு டேட்டாபேஸ் பிழை காட்டும். அவருடைய நிரல் மறுபடி நான்கு நிகழ்வுகளையும் படித்து, இந்தப் புதிய நிலையிலும் கோரிக்கையை ஏற்க முடியுமா என்று மறுபடி முடிவெடுக்கும். கட்டிய பெட்டியை ரத்து செய்ய முடியாது என்பது கடையின் விதி என்றால், வாடிக்கையாளருக்கு அந்தப் பதில் உடனே போய்விடும். இதே மோதல் பழைய முறையில், கவனமில்லாமல் எழுதிய நிரலில் நடந்தால், ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுதி, ரத்தான ஆர்டர் பணமும் திரும்பி, சரக்கும் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

நிகழ்வுகளை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் படிக்கலாம் என்று சொன்னேன். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. `RefundIssued` என்ற வரியைப் படிக்கும் இடத்திலேயே வங்கிக்குப் பணம் அனுப்பும் நிரலையும், வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் நிரலையும் கட்டிவைத்துவிட்டால், ஆர்டரைத் திறக்கும்போதெல்லாம் பணம் போகும். நிலையைக் கூட்டும் நிரல் வெளியுலகைத் தொடவே கூடாது. பணம் அனுப்புவதும் செய்தி அனுப்புவதும் புதிதாக ஒரு நிகழ்வு எழுதப்படும்போது, தனியான ஒரு நிரலின் பொறுப்பு. அந்த நிரல் எந்த ஆர்டரின் எத்தனையாவது நிகழ்வுக்கு வேலையை முடித்தது என்று குறித்து வைத்துக்கொள்ளும். இருந்தும், பணம் அனுப்பிவிட்டுக் குறிப்பு எழுதுவதற்குள் கணினி நின்றுபோனால்? திரும்ப எழுந்ததும் அனுப்பவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். அதனால் பணம் அனுப்பும் கோரிக்கையோடு ‘4817-6’ போன்ற ஓர் அடையாள எண்ணையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அதே எண்ணோடு இரண்டாவது கோரிக்கை வந்தால் புதிதாகப் பணம் அனுப்பாமல் பழைய பதிலையே தருகிற வசதி, நல்ல பணப் பரிமாற்றச் சேவைகளில் இருக்கிறது.

ஒரு ஆர்டருக்குப் பத்து, இருபது நிகழ்வுகள். படித்துக் கூட்ட கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. ஆனால் கிடங்கில் இருப்பவர் கேட்பது ஓர் ஆர்டரை அல்ல, இன்று கட்ட வேண்டிய எல்லா ஆர்டர்களையும். அதற்காக ஒவ்வொரு முறையும் கடையின் எல்லா நிகழ்வுகளையும் படிக்க முடியாது. எனவே நிகழ்வுகள் வர வர, அந்தப் பட்டியலை ஒரு சாதாரண அட்டவணையில் தயாராக எழுதி வைப்பார்கள். இதைப் ப்ரொஜெக்‌ஷன் என்பார்கள். இந்த அட்டவணையில் அழித்து எழுதலாம், தவறில்லை. இது நிகழ்வுகளிலிருந்து பெற்ற பிரதி. பிழையாகிப் போனால் முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து மறுபடி உருவாக்கலாம். இதற்கு ஒரு விலை உண்டு. நிகழ்வு எழுதப்பட்டதற்கும் பட்டியலில் அது ஏறுவதற்கும் நடுவே சிறு தாமதம் இருக்கும். ரத்து செய்த பெண் உடனே ‘என் ஆர்டர்கள்’ பக்கத்துக்குப் போனால் போர்வை இன்னும் அங்கேயே இருப்பதைப் பார்த்து, மறுபடி பொத்தானை அழுத்துவார். இதைத் தவிர்க்க, ரத்து செய்த உடனே காட்டும் பக்கத்தை மட்டும் அந்த ஆர்டரின் நிகழ்வுகளிலிருந்தே நேராகக் கூட்டிக் காட்டுவது நல்லது.

கடினமான பகுதி வருடங்கள் கழித்து வரும். `by` என்ற புலத்தைக் கடை இரண்டாவது வருடத்தில்தான் சேர்த்தது என்றால், முதல் வருடத்து ரத்துகளில் அது இருக்காது. பழைய வரிகளைத் திருத்தக் கூடாது என்பதால், படிக்கும்போது அதை நிரப்பும் ஒரு சிறு நிரல் வேண்டும். அங்கே `shop` என்றோ `customer` என்றோ ஊகித்து நிரப்பும் ஆசை வரும். `unknown` என்பதே நேர்மையான மதிப்பு. இப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நிரல் சேர்ந்துகொண்டே போகும். அதைப் பராமரிப்பது இந்த முறையின் நிரந்தரச் செலவு.

அழிக்கவே கூடாது என்ற விதி தனிப்பட்ட விவரங்களில் வந்து முட்டுகிறது. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தன் விவரங்களை அழிக்கச் சொல்லும் உரிமையை மக்களுக்குத் தருகிறது. வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் விலக்கு உண்டு. முகவரியும் கைபேசி எண்ணும் நிகழ்வுக்குள்ளேயே இருந்தால், ஒரு வாடிக்கையாளர் கேட்கும்போது என்ன செய்வது? முகவரியைத் தனி அட்டவணையில் வைத்து, நிகழ்வில் அதன் எண்ணை மட்டும் எழுதுவது ஒரு வழி. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிச் சாவி கொண்டு அவர் விவரங்களை மறையாக்கம் செய்து, அழிக்கச் சொன்னதும் சாவியை மட்டும் அழிப்பது இன்னொரு வழி. நான் முதலாவதையே சொல்வேன். அதில் தவறு செய்ய வாய்ப்பு குறைவு, நிகழ்வுகளைப் பார்க்கிற எல்லோர் கண்ணிலும் மற்றவர் வீட்டு முகவரி படுவதில்லை. எதுவானாலும் முதல் நிகழ்வை எழுதுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். பத்து லட்சம் வரிகள் சேர்ந்த பிறகு செய்வது பெரும்பாடு.

கடையின் எல்லாவற்றையும் இப்படி வைக்க வேண்டியதில்லை. பொருள்களின் படங்கள், விளக்கங்கள், முகப்புப் பக்க அறிவிப்புகள் இவற்றில் நேற்று என்ன இருந்தது என்று பெரும்பாலும் யாரும் கேட்கப்போவதில்லை. சாதாரண அட்டவணையே போதும். ஆர்டருக்கு இது பொருந்துவதற்குக் காரணங்கள் உண்டு. அதில் பணம் இருக்கிறது, பல கைகள் அதைத் தொடுகின்றன, சச்சரவு வருகிறது. அதோடு அதற்கு ஒரு முடிவும் இருக்கிறது. டெலிவரியோ ரத்தோ ஆனபின் புதிய வரிகள் அரிது, அதனால் பட்டியல் நீண்டுகொண்டே போகாது. கிடங்கின் சரக்கு இருப்பு அப்படியல்ல. வேகமாக விற்கும் ஒரு போர்வைக்கு லட்சக்கணக்கில் வரவும் செலவும் சேரும். அங்கே ஆயிரம் நிகழ்வுகளுக்கு ஒருமுறை இருப்பை ஒரு பிரதி எடுத்து வைத்து, அதற்குப் பின் வந்ததை மட்டும் கூட்டுவார்கள். அதற்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர். ஆர்டர்களுக்கு முதல் நாளே ஸ்னாப்ஷாட் வைக்க நினைப்பவர்கள் தேவையில்லாத சிக்கலை இழுத்துக்கொள்கிறார்கள். கூட்டி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து பார்த்து, வாடிக்கையாளர் உணரும் அளவுக்குத் தாமதம் தெரிந்த பிறகு அதை யோசித்தால் போதும்.